ராசி ஃபில்டர் போட்டுத் தேடுவதா, போடாமல் தேடுவதா? தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஒப்பீடு

டேட்டிங் ஆப்பில் சூரிய ராசியை வைத்து ஆட்களை வடிகட்டலாமா, வேண்டாமா என்று தோழிகள் இருவர் அடுத்தடுத்துக் கேட்டார்கள். நான் இரண்டு வழியிலும் தேடிப் பார்த்தவள். மூன்று மாதம் ஃபில்டர் போட்டிருந்தேன், அப்புறம் எடுத்துவிட்டு ஐந்து மாதம். ஃபில்டர் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஃபில்டரின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஒரு பெண் ப்ரொஃபைல் போட்ட முதல் வாரத்திலேயே லைக்குகள் மலைபோல் குவிந்துவிடும். வேலை முடிந்து மெட்ரோவில் வரும்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தெம்பு இருக்காது. எதையாவது வைத்துக் குறைத்தாக வேண்டும். நான் ரிஷபம், கன்னி, மகரம் மூன்றை மட்டும் வைத்தேன். மேற்கத்திய சோதிடத்தில் இவை நில ராசிகள், நிதானமானவர்கள் என்று சொல்வார்கள். பட்டியல் சட்டென்று சின்னதானது. அந்த நிம்மதி உண்மையானதுதான்.

ஆனால் யார் குறைந்தார்கள் என்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து தூரத்தைப் பத்து கிலோமீட்டர் என்று வைத்தால் ஆப் நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தில் கிட்டத்தட்ட பாதி கடல். காசிமேட்டைத் தாண்டிக் கிழக்கே போனால் ப்ரொஃபைல் வைத்திருக்க ஆள் கிடையாது. வடக்கே எண்ணூர்ப் பக்கம், மேற்கே பெரம்பூர், கொளத்தூர், தெற்கே மெரினா, அவ்வளவுதான் நமக்கு மிச்சம். அண்ணா நகரில் இருப்பவருக்கு நாலு பக்கமும் மனிதர்கள், நமக்கு அப்படி இல்லை. இப்படி ஏற்கெனவே பாதியான இடத்தில் பன்னிரண்டில் மூன்று ராசி என்றால் நாலில் ஒரு பங்குதான் தேறும்.

அதோடு முடியவில்லை. ராசிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டவர்களையும் ஃபில்டர் மறைத்துவிடுகிறது. நம் பக்கத்துப் பையன்களில் நிறையப் பேர் அதைத் தொடுவதே இல்லை. ஒரு பேச்சுக்கு வட்டத்தில் நூறு பேர், அவர்களில் நாற்பது பேர்தான் நிரப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பதில் கால் பங்கு, பத்துப் பேர். மீதித் தொண்ணூறில் அறுபது பேர் ராசி பொருந்தாததால் போனவர்கள் அல்ல, ஒரு கட்டத்தை நிரப்பாததால் போனவர்கள். எனக்குக் காட்டிய முகங்களில் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் ஆட்கள் அரிதானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான் ராசியைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ‘உன் சைன் என்ன’ என்று கேட்டுப் பழகிய ஒரு வகை ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, அந்தப் பத்துப் பேராவது நான் கேட்ட ராசிக்காரர்களா? அதுவும் இல்லை. என் ஃபில்டரைத் தாண்டி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ப்ரொஃபைலில் மகரம். பர்மா பஜார் பக்கம் ஒரு வண்டிக்கடையில் அத்தோ சாப்பிடப் போனோம். கடைக்காரர் தட்டில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டிருந்தபோது பிறந்தநாள் பேச்சு வந்தது. ஆகஸ்ட் 12 என்றார். மேற்கத்தியக் கணக்கில் ஜூலை 23ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் 22 வரை சிம்மம். மகரம் எப்படி என்று கேட்டேன். “எனக்கு மகர ராசி, திருவோண நட்சத்திரங்க. ஜாதகத்துல அப்படித்தான் இருக்கு” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற ராசி. சந்திரன் ஒரு ராசியை ஏறத்தாழ இரண்டேகால் நாளில் கடந்துவிடும், அதனால் தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஆப் பேசுவது சூரியன் நின்ற ராசியை. அந்தச் சூரிய ராசியிலும் நம் பஞ்சாங்கத்துக்கும் மேற்கத்தியக் கணக்குக்கும் சுமார் 24 பாகை வித்தியாசம் உண்டு. ஒரு ராசிக்கு 30 பாகைதான், ஆகவே ஐந்தில் நாலு பேருக்கு இரண்டும் ஒத்துவராது. இவர் பிறந்தது ஆடிக் கடைசி, நம் கணக்கில் சூரியன் கடகத்தில். ஒரே மனிதருக்கு ஆப் கணக்கில் சிம்மம், பஞ்சாங்கத்துச் சூரியன் கடகம், ஜாதக ராசி மகரம். ராசியை நாமே பட்டியலில் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆப்பாக இருந்ததால் அவர் தனக்குத் தெரிந்ததைத் தொட்டிருக்கிறார். சரியாகத் தொட்டிருந்தால் என் ஃபில்டரே அவரை வெளியே தள்ளியிருக்கும். பிறந்த தேதியை வைத்து ஆப்பே ராசியைப் போடும் இடங்களில் இந்தக் குழப்பம் வராது. உங்கள் ஆப் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? உங்கள் ப்ரொஃபைலில் போய் ராசியை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மாற்ற முடிந்தால் மற்றவர்கள் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

எல்லாரும் சரியாகவே நிரப்பினாலும் பலன் உண்டா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் ஒரு கோடித் தம்பதிகளின் பிறந்த தேதிகளை எடுத்து டேவிட் வோவாஸ் என்ற ஆய்வாளர் பார்த்தார். பொருந்தும் என்று சொல்லப்படும் ராசிகள் கூடுதலாக ஒன்று சேர்ந்திருக்கவில்லை. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ராசி என்பது மட்டும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. படிவத்தை நிரப்பியவர் துணையின் தேதி இருக்க வேண்டிய இடத்தில் தன் தேதியையே எழுதிவிடுவது போன்ற பிழைகள்தான் அதற்கும் காரணம் என்று கண்டார். ராசிக் கட்டத்தில் பிழை எவ்வளவு எளிதாக நுழைகிறது என்று ஆகஸ்ட் 12க்குப் பிறகு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது சீனாவில் நடந்தது. மேற்கத்திய ராசிகள் அங்கே போனபோது கன்னி ராசிக்கு ‘கன்னிப்பெண்’ என்ற பொருள்படும் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிலிருந்தே அந்த ராசிக்காரர்கள் நச்சரிப்பவர்கள் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. 2020இல் வெளிவந்த ஆய்வில், துணை தேடும்போது அவர்களை ஒதுக்குவது தெரிந்தது. குணத்தில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. ஒரு பெயரே ஆளைத் தள்ளிவிடப் போதுமானதாக இருந்திருக்கிறது. நானும் விருச்சிகம் வேண்டாம் என்று ஒதுக்கியது எந்த விருச்சிகக்காரரும் எனக்குக் கெடுதல் செய்ததால் இல்லை, அந்தப் பெயரைச் சுற்றிக் கேட்ட பேச்சால்தான்.

ஃபில்டர் இல்லாத ஐந்து மாதம் களைப்பானது, அதை மறைக்கவில்லை. ராசிக்குப் பதில் புகைப்பழக்கம், குழந்தை வேண்டுமா வேண்டாமா என்ற இரண்டை வைத்துக் குறைத்தேன். இவையும் ஆளே நிரப்புவதுதான், ஆனால் எதைக் கேட்கிறார்கள் என்பதில் இருவருக்கும் குழப்பம் இல்லை. தப்பாக வந்தாலும் முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்.

ஆண்கள் பக்கம் எப்படி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. லைக் குறைவாக வருகிறவருக்கு வடிகட்டும் தேவையே வராமல் போகலாம். வீட்டில் பார்க்கும் ஜாதகப் பொருத்தம் வேறு கணக்கு, அதை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. அம்மா அதைத்தான் நம்புகிறார், அந்த மகரக்காரரின் பிறந்த நேரத்தைப் போன வாரம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். என் ப்ரொஃபைலில் ராசிக் கட்டத்தை நான் காலியாக்கிவிட்டேன். தூரத்தை மட்டும் பதினைந்து கிலோமீட்டராக ஏற்றியிருந்தேன், மேற்கே அம்பத்தூர்ப் பக்கம் வரைக்கும் ஆட்கள் தெரிந்தார்கள்.