பாட்டுக்குப் பாட்டா, தம்போலாவா, பூவா தலையாவா?

கும்பகோணம் பக்கம் கல்யாண வரவேற்பு என்றால், எட்டு வயதுப் பேரனும் எண்பது வயது அத்தைப்பாட்டியும் ஒரே கூடத்தில் இருப்பார்கள். முதல் பந்தி சாப்பிடும்போது மற்றவர்கள் நாற்காலியில் காத்திருக்கும் கால் மணி நேரத்துக்கு என்ன விளையாட்டு வைக்கலாம்?

பாட்டுக்குப் பாட்டுக்குத் தயாரிப்பே வேண்டாம். ஆனால் பாடத் தெரிந்த ஐந்தாறு பேர்தான் ஆடுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். பாட்டு ‘ள்’ என்று முடிந்தால் அடுத்தது எந்த எழுத்து என்ற தகராறு வேறு. தம்போலாவில் அந்தச் சிக்கல் இல்லை, அதிர்ஷ்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பேனா வேண்டும். பாட்டிக்குக் கண்ணாடியும் வேண்டும். 90 எண்ணையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த பந்திக்கு அழைத்துவிடுவார்கள். ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

என் ஓட்டு பூவா தலையாவுக்குத்தான். ஒரு நாணயமும் ஒரு மைக்கும் போதும். தலை என்று நினைப்பவர் இரண்டு கையையும் தலையில் வைக்கட்டும், பூ என்று நினைப்பவர் கும்பிடட்டும். உட்கார்ந்தபடியே ஆடலாம். இப்போதைய நாணயத்தில் பூ இல்லையே என்று யாராவது கேட்பார்கள், அதனால் சிங்கம் தலை, எண் பூ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை காசைச் சுண்டும்போதும் தப்பாக நினைத்த ஏறக்குறைய பாதிப் பேர் வெளியேறுவார்கள். 120 பேர் இருந்தால் 60, 30, 15, 8, 4, 2 என்று குறைந்து, ஏழாவது சுண்டலையொட்டி ஒருவர் மிஞ்சுவார். பத்து நிமிடம்தான்.

கெடுவது எங்கே என்றால், காசு விழுந்த பிறகு கை மாறுவதில்தான். “வெச்ச கை வெச்சபடி!” என்று மூன்று எண்ணிவிட்டுச் சுண்ட வேண்டும். தோற்ற பிள்ளைகளைக் காவலுக்கு விடுங்கள். “அத்தை, கையை மாத்திட்டீங்க!” என்று அவர்கள் பிடிப்பதே தனிக் கொண்டாட்டம். மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் ஒரே சுண்டலில் தோற்றால், அவர்களையே திரும்ப ஆடவிடுங்கள்.

வெறும் காசு சுண்டுவதில் குடும்பத்தின் வாசனை இல்லை என்பது நியாயமான குறை. அதற்கு மூன்றாவது, நான்காவது சுற்றில் மட்டும் காசுக்குப் பதில் கேள்வி வையுங்கள். “மாப்பிள்ளையோட அப்பா பள்ளிக்கூடம் படிச்சது வலங்கைமானா? தலையில கை. பாபநாசமா? கும்பிடு.” இது ஒரு வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த கதை என்பதால், அடுத்த கேள்வி பெண் வீட்டைப் பற்றி இருக்கட்டும். எல்லாக் கையும் ஒரே பக்கம் போனால் கேள்வி ரொம்பச் சுலபம் என்று அர்த்தம். பதில் சொன்னாலும் கூட்டம் குறையாது. சரி என்று விட்டுவிட்டு, காசைச் சுண்டுங்கள்.

கடைசி நான்கு பேரை மேடைக்கு முன்னால் அழைத்து நிறுத்துங்கள். பரிசாக ஒரு சீப்பு பூவன் பழம், மணமக்கள் கையால்.