3,500 ரூபாய்க்கு வாங்கிய லிட்ரேச்சர் சர்வே

இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தர்மபுரியில் நாங்கள் போன ப்ராஜெக்ட் சென்டரின் பெயரைப் போடவில்லை. அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் அதே சரக்கு வேறு பலகையின் கீழ் கிடைக்கும். சரக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

நாங்கள் மூன்று பேர். தக்காளி இலையைப் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும் மாடல்தான் எங்கள் ப்ராஜெக்ட். எங்கள் வீடு பாலக்கோடு பக்கம், அப்பா தக்காளி போடுகிறவர், அதனால் தலைப்பு என்னுடையது. கோடிங்கை ஓரளவு நாங்களே செய்தோம். ரிப்போர்ட் எழுதத்தான் சோம்பல். "லிட்ரேச்சர் சர்வேதானேம்மா, பதினைந்து பேப்பர், கம்பாரிசன் டேபிள், எல்லாம் போட்டு இரண்டு நாளில் தந்துவிடுகிறேன்" என்றார் சென்டர்காரர். 3,500 ரூபாய். சொன்னபடி இரண்டே நாளில் வந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பதினைந்து பேப்பரை இரண்டு நாளில் யார் படிப்பார்கள்?

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு பத்தி, ஆண்டு, ஆசிரியர் பெயர். பின்னால் ஓர் அட்டவணை. அதில் மற்ற எல்லாரும் 88, 91, 93 சதவீதம். கடைசி வரியில் நாங்கள், 99.6 சதவீதம், தடித்த எழுத்தில். எனக்கே பெருமையாக இருந்தது என்று சொன்னால் இப்போது சிரிப்பு வருகிறது.

இரண்டாவது ரிவ்யூவில் ஒரு மேடம் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே மூவரும் 2016இல் எழுதிய பேப்பரைக் காட்டி, "இதைப் படித்தீர்களா?" என்று கேட்டார். தலையாட்டினோம். அவர் மடிக்கணினியில் `https://doi.org/10.3389/fpls.2016.01419` என்று அடித்தார். இந்தத் துறையில் பலரும் முதலில் போய் நிற்கும் பேப்பர் அது. பிளாண்ட்வில்லேஜ் என்ற தொகுப்பிலுள்ள 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள் என்று சுருக்கத்திலேயே இருக்கிறது. அதே சுருக்கத்தில் துல்லியம் 99.35 சதவீதம் என்றும் இருக்கிறது. எங்கள் அட்டவணையில் அவர்களுக்குப் போட்டிருந்தது 91.2.

எங்கள் எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக சென்டர்காரர் அவர்கள் எண்ணைக் குறைத்திருக்கிறார். மேடம் கத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் கீழே படி" என்றார். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது தங்கள் மாடலின் துல்லியம் 31 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிட்டது என்று அந்த ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். "நீங்களும் அதே பிளாண்ட்வில்லேஜ் படங்களைத்தானே எடுத்தீர்கள்? 99.6 என்பதை வைத்து பாலக்கோட்டுத் தோட்டத்தில் என்ன செய்வீர்கள்?" என்றார். பதில் இல்லை. நாங்கள் மேற்கோள் காட்டியிருந்த பேப்பருக்குள்ளேயே எங்கள் ரிப்போர்ட்டை உடைக்கிற வரி இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதைத் திறக்கவே இல்லை.

அன்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து பதினைந்தையும் சோதித்தோம். ஒவ்வொரு பேப்பருக்கும் டிஓஐ என்று ஒரு நிரந்தர அடையாள எண் உண்டு, மேடம் அடித்ததும் அதைத்தான். நான்குக்கு அந்த எண்ணைப் போட்டால் பக்கமே வரவில்லை. இன்னொன்று திறந்தது, ஆனால் அது மண் ஈரப்பதத்தைப் பற்றிய பேப்பர். சிலவற்றில் ஆசிரியர் உண்மை, ஆண்டு தவறு. பத்திகளின் ஆங்கிலமோ அதைவிட வேடிக்கை. டீப் லேர்னிங் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ப்ரொஃபவுண்ட் லேர்னிங்'. ரேண்டம் ஃபாரஸ்ட் 'இர்ரெகுலர் உட்லேண்ட்' ஆகியிருந்தது. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் மாட்டாமல் இருக்க, வேறு எங்கிருந்தோ எடுத்த பத்தியை, சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். கலைச்சொல்லையும் அது விட்டுவைக்கவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இப்படிப் பழக்கமில்லாத 'கலைச்சொல்' தெரிந்தால் அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை, அப்படியே தூக்கிப் போடுங்கள்.

கைட் சார் மூன்று வாரம் கொடுத்தார். பதினைந்து வேண்டாம், ஆறு போதும், ஆறையும் முழுதாகப் படித்துவிட்டு வா என்றார்.

தேடுவதுகூட எங்களுக்கு ஒழுங்காகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. 'டொமேட்டோ லீஃப் டிசீஸ்' என்று கூகுள் ஸ்காலரில் போட்டால் கொட்டுகிறது, எல்லாம் ஒரே மாதிரி. சார் சொன்ன வழி வேறு. முக்கியமான ஒரு பேப்பரைப் பிடி, அதன் கீழே `Cited by` என்று இருப்பதை அழுத்து, வரும் பக்கத்தில் `Search within citing articles` என்பதை டிக் செய்துவிட்டு, உன் சந்தேகத்தையே தேடல் சொல்லாகப் போடு. எங்கள் சந்தேகம், துல்லியம் ஏன் விழுகிறது என்பது. அதனால் `bias` என்றும் `field images` என்றும் போட்டுப் பார்த்தோம்.

இப்படித் தேடிப் போனதில் 2022இல் வந்த ஓர் ஆய்வு கிடைத்தது. பிளாண்ட்வில்லேஜ் படங்களில் இலையையே காட்டாமல், பின்னணியிலிருந்து வெறும் 8 பிக்சல்களை மட்டும் எடுத்து ஒரு மாடலைப் பழக்கியிருக்கிறார்கள். 38 வகைகளில் அது 49 சதவீதம் சரியாகச் சொல்லியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். அதாவது மேசை, வெளிச்சம், பின்னால் இருக்கும் தாள், இவையே நோயைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. எங்கள் 99.6இல் எத்தனை பங்கு இலையைப் பார்த்து வந்தது, எத்தனை பங்கு மேசையைப் பார்த்து வந்தது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. அதற்கு மாறாக, வெளியில் எடுத்த படங்களைச் சேர்த்த பிளாண்ட்டாக் என்ற தொகுப்பு 2020இல் வந்திருக்கிறது. 2,598 படங்கள்தான், ஆனால் மண்ணும் கையும் களையும் தெரிகிற படங்கள்.

இதற்குப் பிறகு அட்டவணையை மாற்றினோம். துல்லியம் என்ற நெடுவரிசையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, படங்கள் எங்கே எடுத்தவை, எந்த நோய்கள், பழக்கிய இடத்திலேயே சோதித்தார்களா வேறு இடத்திலா என்ற மூன்றையும் முன்னால் வைத்தோம். அப்படி வைத்ததும் 99ஐயும் 31ஐயும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எழுதக் கூசவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில் என்று அட்டவணையே சொல்லிவிட்டது. வேறு வேறு படங்களில் வந்த எண்களை ஒரே நெடுவரிசையில் அடுக்கி, பெரியதற்குத் தடித்த எழுத்துப் போடுவதுதான் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய 'ஒப்பீடு'.

அடுத்து, எங்கள் ப்ராஜெக்ட் புதிதாக என்ன சேர்க்கிறது என்ற பகுதி. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அப்பா. மாடல் சொல்லும் நோய்ப் பட்டியலை அவரிடம் தமிழில் படித்துக் காட்டினேன். ஆரோக்கியமான இலையையும் சேர்த்துத் தக்காளிக்குப் பத்து வகை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊசிப்புழு எங்கம்மா? போன வருஷம் தோட்டத்தையே காலி பண்ணினது அதுதானே" என்றார். ஊசிப்புழு நம் நாட்டில் 2014இல்தான் கண்டறியப்பட்டது. பட்டியலில் அது இல்லை. அந்தப் புழு உள்ளே சுரங்கம் போட்டுக் காயவைத்த இலையை மாடலுக்குக் காட்டினால், இருக்கும் பத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தெரியாது என்று சொல்ல அதற்கு வழியில்லை.

உடனே உற்சாகமாக, "இதுவரை யாரும் செய்யாதது" என்று எழுதிவிட்டேன். சார் பேனாவால் அடித்தார். "எந்தச் சொல்லில் தேடினாய்?" நான் பொதுப் பெயரில் மட்டும் தேடியிருந்தேன். அறிவியல் பெயரில், `"Tuta absoluta" tomato deep learning` என்று போட்டதும் 2020இல் டான்சானியாவில் செய்த வேலை முதலிலேயே வந்து நின்றது. யாரும் செய்யவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் அந்தப் பொருளின் எல்லாப் பெயரிலும் தேடிவிடுங்கள், பூச்சியாக இருந்தால் அறிவியல் பெயரில் கட்டாயம்.

கடைசியில் நாங்கள் எழுதியது சின்ன வாக்கியம். பிளாண்ட்வில்லேஜில் பழகிய மாடலை எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று தோட்டங்களில் கைபேசியில் எடுத்த படங்களில் சோதித்தோம், ஊசிப்புழு என்ற வகையைச் சேர்த்து மீண்டும் பழக்கினோம், அவ்வளவே. எங்களிடம் 212 படங்கள். அதில் 48 ஊசிப்புழு. மிச்சமுள்ள 164இல் பழைய மாடல் 61ஐத்தான் சரியாகச் சொன்னது, 37 சதவீதம். ஊசிப்புழு இலைகளில் பெரும்பாலானவற்றைக் கருகல் என்றது. இரண்டு தோட்டத்துப் படங்களைச் சேர்த்துப் பழக்கி, தனியாக வைத்திருந்த மூன்றாவது தோட்டத்தின் 70 படங்களில் சோதித்தபோது 49 சரி. 70 சதவீதம். படங்கள் குறைவு, ஒரே பருவத்தில் எடுத்தவை என்பதையும் எழுதினோம். வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார். கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, நாங்கள் செய்ததைத்தானே கேட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனோம். "ரிப்போர்ட் டெலிவரி ஆகிவிட்டதே, கரெக்‌ஷன் வேண்டுமானால் 1,500 ஆகும்" என்றார். ரசீதும் தரவில்லை, நாங்களும் கேட்டு வாங்கவில்லை. 3,500 போனது போனதுதான்.

ரிப்போர்ட்டை பைண்டிங் செய்யக் கொடுத்த கடையில் வேறு கல்லூரிப் பையன் ஒருவன் தன்னுடையதை அடுக்கிக்கொண்டிருந்தான். மாவிலை நோய் ப்ராஜெக்ட். கிருஷ்ணகிரிப் பையன், மா எடுத்ததில் வியப்பில்லை. ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அதே அட்டவணை. மொஹந்தி 91.2, கடைசி வரியில் 99.6 தடித்த எழுத்தில், படங்கள் பிளாண்ட்வில்லேஜிலிருந்து எடுத்த மாவிலைகள் என்று எழுதியிருந்தது. அந்தத் தொகுப்பின் 14 பயிர்களில் மா கிடையாது. சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நாலு காப்பி பைண்டிங் ஆயிடுச்சே" என்றான்.