சாதா ஏசியா, இன்வெர்ட்டர் ஏசியா: வாட்டை மணியால் பெருக்கினால் தெரியாத வித்தியாசம்

ஏசி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் வாட் அளவை ஒரு நாளில் ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, 30-ஆல் பெருக்கினால் மாத யூனிட் கிடைத்துவிடும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஏசிக்கு இதைப் பொருத்தினால் இரண்டு தவறுகள் ஒன்றாக நேர்கின்றன: மாத யூனிட் உண்மையைவிட மிக அதிகமாகத் தெரியும், இரண்டு ஏசிகளுக்கும் உள்ள வித்தியாசமோ உண்மையைவிட மிகக் குறைவாகத் தெரியும். வாங்கும் முடிவுக்குத் தேவைப்படுவது வித்தியாசம்தான் என்பதால், இரண்டாவது தவறே அதிக நட்டம் தருவது.

ஒப்பிடுவதற்கு 1.5 டன் ஏசிகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். ஆகவே 1.5 டன் என்பது ஏறத்தாழ 5.2 கிலோவாட். இது குளிரூட்டும் திறனே தவிர, ஏசி இழுக்கும் மின்சாரத்தின் அளவு அன்று. முதல் ஏசி, கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும் சாதா வகை. ஓடும்போது 1,600 வாட் இழுக்கிறது. இரண்டாவது, தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை. முழு வேகத்தில் 1,500 வாட் இழுக்கிறது. இவை இத்தகைய ஏசிகளில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளே. இரவில் 8 மணி நேரம், 30 நாள் என்று பெருக்கினால் முதலாவதற்கு 384 யூனிட், இரண்டாவதற்கு 360 யூனிட் வரும். மாதத்துக்கு 24 யூனிட்டை மிச்சப்படுத்த யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள்?

ஆனால் எந்த ஏசியும் எட்டு மணி நேரமும் முழுத் திறனில் ஓடுவதில்லை. படுக்கையறையின் சூடு ஒருமுறை இறங்கிவிட்டால், அதன்பிறகு சுவர், கூரை, சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்தையும் உள்ளே இருப்பவர்களின் உடல் வெப்பத்தையும் மட்டும் வெளியேற்றினால் போதும். என் அறையில் இருந்த சாதா ஏசியை 24 டிகிரியில் வைத்துவிட்டு, ஓர் இரவு தாளும் கடிகாரமுமாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் கம்ப்ரஸர் நிற்கவே இல்லை. அதன்பிறகு பத்து நிமிடம் ஓடுவதும், ஒன்பது பத்து நிமிடம் நிற்பதுமாக இருந்தது. வெளியே இருக்கும் பெட்டியின் உறுமல் நின்று, உள்ளே விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும் அந்த இடைவெளிகள்தான் பெருக்கல் கணக்கில் விடுபட்டுப்போனவை. ஓடும் நேரமும் நிற்கும் நேரமும் சமமாக இருப்பதால், அறைக்குத் தேவைப்படுவது சுமார் பாதித் திறன், அதாவது 2.6 கிலோவாட் குளிர்ச்சி என்று கொள்ளலாம்.

இதே நிலையில் இரண்டையும் மறுபடி கணக்கிடுவோம். சாதா ஏசி முதல் மணி நேரத்தில் 1.6 யூனிட் எடுக்கும். மீதி ஏழு மணி நேரத்தில் சராசரி 800 வாட். ஆனால் கம்ப்ரஸர் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் குளிர்வாயுவின் அழுத்தம் மறுபடி ஏறிக் குளிர்ச்சி வரத் தொடங்குவதற்குள் கொஞ்சம் மின்சாரம் வீணாகிறது. நிற்கும் நேரத்திலும் உள் விசிறி ஓடுகிறது. இவற்றுக்காக எட்டு சதவீதம் கூட்டினால் ஏழு மணி நேரத்துக்கு ஆறு யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். ஓர் இரவுக்கு சுமார் 7.65 யூனிட், மாதத்துக்கு 230 யூனிட்.

இன்வெர்ட்டர் ஏசி முதல் மணி நேரத்தில் 1.5 யூனிட் எடுக்கும். அதன்பிறகு அது நிற்பதில்லை. கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்று நினைப்பது இயல்பு. அப்படிப் பார்த்தால் 750 வாட். உண்மையில் அது சுமார் 600 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. காரணம் எளியது: கம்ப்ரஸர் தள்ளும் குளிர்வாயு பாதியாகக் குறைந்தாலும், வெப்பத்தை வாங்கிக் கொடுக்கும் சுருள்களின் பரப்பு அப்படியே இருக்கிறது. குறைந்த வெப்பத்துக்கு அதிகப் பரப்பு கிடைப்பதால், உள்ளே இருக்கும் சுருள் அவ்வளவு சில்லிடவும் வேண்டியதில்லை, வெளியே இருக்கும் சுருள் அவ்வளவு சூடாகவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு குறைய, கம்ப்ரஸர் செய்ய வேண்டிய வேலையும் குறைகிறது. ஏழு மணி நேரத்துக்கு 4.2 யூனிட், ஓர் இரவுக்கு 5.7 யூனிட், மாதத்துக்கு 171 யூனிட்.

ஆக, பெருக்கல் கணக்கு 24 யூனிட் என்று காட்டிய வித்தியாசம் உண்மையில் 59 யூனிட். விற்பவர்கள் சொல்லும் 'பாதிக்குப் பாதி மிச்சம்' என்பதும் இல்லை; இந்த அறையில் மிச்சம் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பேச்சு பெரும்பாலும் இன்வெர்ட்டரின் மிகக் குறைந்த வேகத்து வாட்டைச் சாதா ஏசியின் முழு வாட்டோடு ஒப்பிடுவதால் வருவது. அது நியாயமான ஒப்பீடு அன்று.

இந்த 59 யூனிட் எல்லா அறைக்கும் பொருந்திவிடாது. மொட்டைமாடிக்கு நேர் கீழே, மாலைவெயிலைக் குடித்த சுவர்களோடு இருக்கும் பெரிய அறையில் 1.5 டன் ஏசி இரவு முழுவதும் முழுத் திறனில் ஓடினாலும் போதாமல் போகலாம். அங்கே இன்வெர்ட்டருக்கு வேகத்தைக் குறைக்கும் வாய்ப்பே கிடைக்காது. வித்தியாசம் பழையபடி 24 யூனிட்டுக்கு வந்துவிடும். மாறாக, சிறிய அறைக்குத் தேவைக்கு மிஞ்சிய டன்னில் வாங்கினால், இன்வெர்ட்டர் தன் குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழே இறங்க முடியாமல் சாதா ஏசியைப் போலவே நின்று நின்று ஓடத் தொடங்கும்.

இனி யூனிட்டைப் பணமாக மாற்ற வேண்டும். இதற்கு ஏசி இல்லாத மாதத்தின் அடிப்படைப் பயன்பாடு தெரிய வேண்டும். பெருக்கல் கணக்கின் இடம் இதுதான். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறிகள் இரண்டு, நாளைக்கு 12 மணி நேரம்: 54 யூனிட். 9 வாட் விளக்குகள் பத்து, 5 மணி நேரம்: 13.5 யூனிட். 80 வாட் தொலைக்காட்சி, 4 மணி நேரம்: ஏறத்தாழ 10 யூனிட். தண்ணீர் மோட்டாரில் சிறு கவனம் தேவை: ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்தான் என்றாலும், அது மோட்டார் வெளியே தரும் வேலையின் அளவு; உள்ளே இழுப்பது ஒரு கிலோவாட்டை நெருங்கும். அரை மணி நேரத்துக்கு மாதம் 15 யூனிட். குளிர்சாதனப் பெட்டியும் ஏசியைப் போலவே நின்று ஓடுவது என்பதால் அதன் வாட்டை 24 மணியால் பெருக்கக் கூடாது; ஆண்டுக்கு 250 யூனிட் என்று முத்திரையில் இருந்தால் மாதத்துக்கு 21 என்று எடுத்துக்கொள்வதே சரி. துவைக்கும் இயந்திரத்துக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் சேர்த்து 18. மொத்தம் 131 யூனிட்டை ஒட்டி வருகிறது.

பில்லில் 150 இருந்தால் மீதி எங்கே? நாள் முழுவதும் அணைக்கப்படாமல் கிடக்கும் 12 வாட் செட்டாப் பாக்ஸும் 8 வாட் இணைய ரவுட்டரும் சேர்ந்தே மாதம் 14 யூனிட்டுக்கு மேல் எடுத்துவிடும். இவ்வளவு நெருங்கி வந்தால் கணக்கு சரி. 50 யூனிட் வரை இடித்தால், மணி நேரத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கிறோம் அல்லது ஏதோ ஒரு சாதனத்தை மறந்திருக்கிறோம். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரை முதலில் சந்தேகிக்கலாம்.

கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருந்தால், சராசரி விலையால் பெருக்கக் கூடாது. உதாரணமாக முதல் 100 யூனிட்டுக்கு ஒரு பங்கு, அடுத்த 100-க்கு இரண்டு பங்கு, அதற்கு மேல் மூன்று பங்கு என்று வைப்போம். 150 யூனிட் அடிப்படையோடு சாதா ஏசி சேர்ந்தால் 380 யூனிட்டுக்கு 840 பங்கு. இன்வெர்ட்டர் சேர்ந்தால் 321 யூனிட்டுக்கு 663 பங்கு. மிச்சம் 177 பங்கு. சாதா ஏசி பில்லின் சராசரியான 2.2 பங்கை 59-ஆல் பெருக்கியிருந்தால் 130 என்றுதான் கிடைத்திருக்கும். இங்கே ஏசி சேர்க்கும் யூனிட்டுகளில் பெரும்பாலானவை உச்சிப் படியில்தான் விழுகின்றன. மிச்சமாகும் யூனிட்டுகளும் அங்கிருந்துதான் கழிகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் இடமானால், படிகளையும் யூனிட்டுகளையும் இரண்டு மாத அளவிலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

எத்தனை நாளில் போட்ட பணம் திரும்பும் என்பதற்கு, இரண்டு ஏசிகளின் விலை வித்தியாசத்தை உச்சிப் படியின் ஒரு யூனிட் விலையால் வகுத்துக்கொள்வது வசதியானது. அது 2,000 யூனிட்டுக்குச் சமம் என்று வைத்தால், மாதம் 59 வீதம் 34 மாதப் பயன்பாடு தேவை. ஆண்டுக்கு எட்டு மாதம் ஏசி போடும் வீட்டில் அது நான்கே கால் ஆண்டு. நான்கு மாதம் மட்டும் போடும் வீட்டில் எட்டரை ஆண்டு. இரவில் இரண்டு மணி நேரம் போட்டு அணைத்துவிடும் வீட்டில் முதல் மணி நேரம் இரண்டும் முழுத் திறனில் ஓடிவிடுவதால், மிச்சம் மாதம் 11 யூனிட்டாகச் சுருங்கி, 180 மாதப் பயன்பாட்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் அந்த ஏசி உழைக்குமா என்பதே சந்தேகம். இடையில் இன்வெர்ட்டரின் மின்சுற்றுப் பலகை ஒருமுறை பழுதானால், அந்தச் செலவையும் விலை வித்தியாசத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டு மணி நேர வீட்டுக்கு நான் சாதா ஏசியையே சொல்வேன். எட்டு மணி நேர வீட்டுக்கு, அறை முழுச் சுமையில் தவிக்காத வரை, இன்வெர்ட்டரை.

தவிக்கிறதா இல்லையா என்பதை ஏற்கெனவே ஒரு ஏசி இருக்கும் வீட்டில் மின்மீட்டரே சொல்லும். மீட்டரின் முகப்பில் `3200 imp/kWh` என்பதுபோல் ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அதன் சிவப்பு விளக்கு 3,200 முறை மினுக்கும் என்று பொருள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு நிமிடம் எண்ணினால் 1,600 வாட் ஏசிக்கு 85 மினுக்கல் வரும். நள்ளிரவுக்குப் பிறகும் விளக்கு இடைவெளியே இல்லாமல் அதே 85-இல் ஓடினால், அந்த அறைக்கு இன்வெர்ட்டர் வாங்குவதைவிடக் கூரையின் சூட்டைத் தணிக்கச் செலவழிப்பது முதலில் பலன் தரும்.