ஒரே போனா, வீட்டுக்கு ஃபைபரா? பெரும்பாக்கத்துக் கணக்கு

சென்னை பெரும்பாக்கம் குடியிருப்பில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே போன் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் ரீசார்ஜ் சுமார் 300 ரூபாய். மாதத்துக்கு ஒருமுறை என்று தோன்றும், ஆனால் வருஷத்துக்கு 13 முறை போட வேண்டும். பெரிய சிக்கல் வேறு. போன் பகலெல்லாம் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி அது அம்மா, மகள் கைக்கு வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக இறங்கியிருக்கும். அதில் 2 எம்பி பாடக்குறிப்பு இறங்கவே நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். வீடியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

400 ரூபாய் ஃபைபர் பிளானுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 472. வைஃபை வீட்டிலேயே இருக்கும், யார் வெளியே போனாலும் குறையாது. ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் போச்சு. ஓடிபி வர சிம்மையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும், அது தனிச் செலவு. முக்கியமாக, வீட்டில் இன்னொரு போன் இல்லாவிட்டால் பகலில் அந்த வைஃபையில் எதை இணைப்பது?

என்னைக் கேட்டால், முதலில் அம்மா பெயரில் ஒரு செகண்ட் ஹேண்ட் போனும் சிம்மும். ஃபைபர் அதற்கப்புறம்தான்.