ஃபாயில் பாக்கெட் படத்தில் எழுத்து மாற்றக் கொடுக்கிறீர்களா? நான் ஏமாந்த கதை

நாங்கள் காபித்தூள் விற்கிறோம். பளபளக்கும் தங்கநிற ஃபாயில் பை. முன்பு காபி 80, சிக்கரி 20. இப்போது 70, 30. புதுப் பை அச்சாகி வந்துவிட்டது. பழைய பையை வைத்து எடுத்த எட்டுப் படங்களும் நன்றாக இருந்ததால், எண்ணை மட்டும் மாற்ற ஆன்லைனில் ஒரு எடிட்டரைப் பிடித்தேன். படத்துக்கு 500 ரூபாய், மொத்தம் 4,000. முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்.

மறுநாளே படங்கள் வந்தன. போனில் பார்த்தபோது குறையே தெரியவில்லை. கடை பேனருக்குப் பெரிதாக்கியதும் வயிறு எரிந்தது. பையின் மேலிருந்து கீழே ஓடும் வெள்ளை ஒளிக்கோடு எண்ணுக்கு மேலே நின்றுபோய், எண்ணுக்குக் கீழே மறுபடி தொடங்கியது. நடுவில் மங்கலான பழுப்புத் திட்டு. பக்கத்து எழுத்துகள் ஒளி படும் இடத்தில் வெளுத்துத் தெரிய, புது '70' மட்டும் ஒரே கறுப்பாக ஒட்டிவைத்தது போல இருந்தது.

கேட்டதற்கு "ஃபாயில்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். லேயர் லேயராகப் பிரித்துத் திருத்தக்கூடிய பிஎஸ்டி கோப்பு கேட்டேன். ஜேபெக் மட்டும்தான் என்றார். பணமும் திரும்பவில்லை.

அப்புறம் வேறொருவரிடம் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பழைய எண்ணை ஒரே நிறத்தால் மூடிவிட்டு, புது எண்ணை, அடியில் உள்ளதைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் போட்டிருக்கிறார்கள். மல்டிப்ளை செய்தால் வெள்ளை ஒளியின் மேல்கூட மை அதன் முழுக் கறுப்போடு நிற்கும். நிஜப் பையிலோ மைக்கு மேலே பளபளப்பான பிலிம் இருக்கிறது, அதனால் ஒளி எழுத்தின் மேலேயே விழும்.

அவர் செய்தது இது. ஒளிக்கோட்டின் குறுக்கே நிறம் சட்டென மாறும், அதன் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. அதனால் எண்ணுக்கு நேர் மேலேயும் கீழேயும் இருந்து எடுத்துத்தான் குளோன் ஸ்டாம்பால் நிரப்பினார். புது எண்ணைப் பையின் மடிப்புக்கேற்ப வளைத்தார். கடைசியில் அந்த ஒளிக்கோட்டின் நகலை, அடியில் உள்ளதை வெளுப்பாக்கும் ஸ்கிரீன் முறையில் எண்ணுக்கு மேலே வைத்து, நாய்ஸ் என்கிற பொடிப்புள்ளிகளையும் கொஞ்சம் சேர்த்தார். நாய்ஸ் இல்லாவிட்டால் நிரப்பிய இடம் மட்டும் பிளாஸ்டிக் போல வழுவழுவென்று தெரியுமாம்.

படம் வாங்கியதும் சோதிக்க ஒரு வழியும் காட்டினார். போட்டோஷாப்பில் படத்துக்கு மேலே, வெளிச்ச அளவை மாற்றும் ஒரு கர்வ்ஸ் லேயர் வைத்து, அதிலுள்ள கோட்டை மேலும் கீழுமாக அலை போல வளைத்துவிட்டால், ஒட்டுப்போட்ட இடம் கோலத்தில் கோடு அறுந்தது போலக் காட்டிக்கொடுக்கும். முதல் ஆள் தந்த எட்டுப் படங்களிலும் அந்தத் திட்டு பளிச்சென்று தெரிந்தது.

இரண்டு படங்களை அவர் தொடவே மறுத்துவிட்டார். அவற்றில் பை கசங்கி, மடிப்பும் முழுக்க வெளுத்துப்போன வெளிச்சமும் எண்ணின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. "புதுப் பையை வைத்து எடுத்துவிடுங்கள், அதுதான் மலிவு" என்றார். அந்த இரண்டையும் திரும்ப எடுத்தோம்.

இப்போது யாரிடம் கொடுத்தாலும், ஒளிக்கோடு எழுத்தை வெட்டிக்கொண்டு போகும் படத்தைத்தான் முதலில் செய்து காட்டச் சொல்கிறேன். பிஎஸ்டி கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணம்.