பங்க்கில் காத்து அடிக்கும்போது டயரில் எழுதியிருக்கும் எண்ணை வைக்க விடாதீர்கள்

கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு நீண்ட பயணத்தின் நடுவே பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில், அப்படியே டயருக்கும் காத்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. காத்து அடிக்கும் பையன், “எவ்வளவு வைக்கணும் சார்?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், “நீங்களே பார்த்து வைங்க தம்பி” என்றேன். நடந்த அத்தனை கூத்துக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

அவன் குனிந்து டயரின் பக்கவாட்டில் எதையோ படித்தான். மெஷினில் பட்டனைத் தட்டி 44 என்று வைத்தான். மூன்று டயர்களுக்கு மெஷின் ‘பீப்’ என்று கத்தும்வரை காத்து ஏறியது. நான்காவதற்கு வரும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்க, ஹோஸைச் சாய்வாகச் செருகினான். ‘புஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம். பிடுங்கிக்கொண்டு, “எல்லாம் சரியா இருக்கு சார்” என்று லாரிப் பக்கம் போய்விட்டான். நானும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வால்வு மூடியைத் திரும்பப் போட்டானா என்றுகூடப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வண்டி வேறு மாதிரி ஓடியது. சின்னக் குழியில் இறங்கினாலும் கல்லில் மோதியது போல முதுகில் அடித்தது. ஸ்டியரிங் வழக்கத்தைவிட லேசாக இருந்தது. வளைவுகளில் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் அசைந்து கொடுப்பது போல இருந்தது. ரோடு மோசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அண்ணனிடம் இதைச் சொன்னபோது, அவர் உள்ளே போய்ப் பிரஷர் கேஜை எடுத்துவந்தார். முன் இடது 41, முன் வலது 40, பின் இடது 40, பின் வலது 26. டிரைவர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். நாலு டயருக்கும் 33 பிஎஸ்ஐ என்று இருந்தது. இரண்டு மாதமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை.

“அப்போ டயர்ல 44-ன்னு போட்டிருக்கே, அது என்னண்ணே?” என்று கேட்டேன். “அது அந்த டயர் தாங்கற உச்சம்டா. உன் வண்டிக்கு வேண்டியது இல்ல” என்றார்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருப்பது டயர் கம்பெனி சொல்லும் அதிகபட்ச அளவு. ஒரே டயரைப் பல வகை வண்டிகளில் மாட்டுவார்கள், எந்த வண்டியில் மாட்டப்போகிறார்கள் என்று டயர் கம்பெனிக்குத் தெரியாது. உங்கள் வண்டியின் எடைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வண்டி தயாரித்தவர்தான் சொல்வார். அதைக் கதவுத் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ, கையேட்டிலோ பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு எண் இருக்கலாம், ஆள் நிறைய ஏறும்போது வைக்க வேண்டிய எண் தனியாக இருக்கலாம். சில ஸ்டிக்கர்களில் பிஎஸ்ஐக்குப் பதிலாக ‘பார்’ என்ற அலகில் போட்டிருப்பார்கள். 2.3 பார் என்றால் கிட்டத்தட்ட 33 பிஎஸ்ஐ.

காத்து அதிகமானால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும். ரோட்டைத் தொடும் பரப்பு குறைவதால் பிடிமானமும் குறையும், நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். குறைந்தால் ஓரங்கள் தேயும், டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும். வேகமான ரோட்டில் டயர் வெடிப்பதற்கு இந்தச் சூடு முக்கியமான காரணம், அதனால் இரண்டில் எனக்குப் பயம் அந்த 26 மேல்தான். டயர் பிரஷர் எச்சரிக்கை விளக்கு இருக்கும் வண்டி என்றாலும் முழுசாக நம்ப முடியாது. பல வண்டிகளில் அளவு கால் பங்கு குறைந்த பிறகுதான் விளக்கு எரியும். 33-க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 25. என் டயர் 26-ல் நின்றிருந்தது!

கேஜை வைப்பது சின்ன வேலைதான், ஆனால் நான் முதல் மூன்று தடவையும் தப்பாகத்தான் வைத்தேன். வால்வு மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், தரையில் வைத்தால் உருண்டு போய்விடும். கேஜின் வாயை வால்வின் மேல் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஒரு நொடி ‘புஸ்’ என்று கேட்டு உடனே நின்றுவிட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. சத்தம் தொடர்ந்தால் சாய்ந்திருக்கிறது, அப்போது காட்டும் எண் குறைவாகத்தான் இருக்கும். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இரண்டு தடவை ஒரே எண் வந்தால் நம்பலாம். அளக்கும்போது போகிற காத்து ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பையன் ஹோஸைச் செருகியபோது கேட்ட நீளமான ‘புஸ்ஸ்’ என்ன என்று இப்போது புரிகிறது. காத்து உள்ளே போகவில்லை, வெளியே வந்துகொண்டிருந்தது.

அதிகமாக இருந்த மூன்று டயர்களையும் வீட்டு வாசலிலேயே சரி செய்தோம். வால்வின் நடுவில் ஒரு சின்ன ஊசி தெரியும். கேஜின் பின்னால் இருக்கும் கொம்பால் அதை அழுத்தினால் காத்து வெளியேறும். கொஞ்சம் விட்டு, அளந்து, மறுபடி கொஞ்சம் விட்டு 33-க்குக் கொண்டுவந்தோம். அவசரப்பட்டு ஒன்றை 31-க்கு இறக்கிவிட்டேன். வீட்டில் இருந்த கைப் பம்ப்பால் அதை மேலே கொண்டுவருவதற்குள் கை விட்டுப்போய்விட்டது. 26-ல் இருந்த டயருக்கு ஏழு பிஎஸ்ஐ ஏற்றக் கையில் தெம்பு இல்லை, அதற்கு மறுபடி பங்க்குக்குத்தான் போக வேண்டும்.

இங்கேதான் இரண்டாவது சிக்கல். ஸ்டிக்கரில் இருக்கும் 33 என்பது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓட ஓட டயரும் உள்ளே இருக்கும் காத்தும் சூடேறி அளவு கூடும், நீண்ட பயணத்தில் நாலு பிஎஸ்ஐ வரைகூட ஏறும். முந்தின நாள் சூட்டில் 44 வைத்த டயர்கள் காலையில் 40, 41 காட்டியது அதனால்தான். சூடான டயர் 36 காட்டுகிறதே என்று 33-க்கு இறக்கினால், மறுநாள் காலையில் அது 30-ல் இருக்கும்.

பங்க் பக்கத்தில் இருந்தால்தானே ஆறிய டயரோடு போய்ச் சேர முடியும்? அண்ணன் சொல்லிக்கொடுத்த கணக்கு எளிது. வீட்டில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் அளந்து எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு 26, வேண்டியது 33, குறைவு 7. பங்க்குக்கு மெதுவாக ஓட்டிப்போய் அங்கேயும் அதே கேஜால் அளந்தோம், 28 காட்டியது. அதோடு குறைவான ஏழைக் கூட்டினால் 35. அவ்வளவுதான், 35 வரும்வரை அடிக்க வேண்டும். ஆறியதும் 33-க்கு வந்து நிற்கும்.

இது வேறு பங்க், ஆளும் பொறுமையானவர். “35 வைங்க” என்று நான் சொல்ல வாயெடுத்தபோது அண்ணன் தடுத்தார். முதலில் ஹோஸை மாட்டிவிட்டு மெஷின் என்ன காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னார். எங்கள் கேஜ் 28 காட்டிய அதே டயருக்கு மெஷின் 31 காட்டியது. மூன்று கூடுதல்! நாள் முழுக்கத் தரையில் விழுந்து எழும் ஹோஸ், வெயிலிலும் மழையிலும் நிற்கும் மெஷின். அதில் இப்படி வித்தியாசம் வருவது அதிசயமில்லை. நான் வழக்கம்போல 33 வைக்கச் சொல்லி ‘பீப்’ கேட்டதும் கிளம்பியிருந்தால், உண்மையில் ஏறியிருப்பது சூட்டில் 30, மறுநாள் காலையில் 28. மெஷினும் சரி என்று சொல்லியிருக்கும், ஆளும் சரி என்று சொல்லியிருப்பார்.

அதனால் மெஷினில் 38 வைக்கச் சொன்னோம். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் வைத்தார். ‘பீப்’ வந்ததும் எங்கள் கேஜால் அளந்தோம், 35. முந்தின வண்டிக்கு வைத்த எண் அப்படியே நிற்கும் மெஷின்களும் உண்டு. ஹோஸை மாட்டும் முன் திரையை ஒருமுறை எட்டிப் பாருங்கள், அதுவும் முன் டயர் முடிந்து பின் டயருக்குப் போகும்போது.

எங்கள் கேஜ் மட்டும் சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் புதிதாக ஒன்று வாங்கி, அதே டயரில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், அரை பிஎஸ்ஐதான் வித்தியாசம். உங்களுடையதையும் இரண்டு மூன்று கேஜ்களோடு இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள். முள் வைத்த கேஜ் என்றால் சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கீழே போட்டுவிட்டால் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை அந்தப் பின் வலது டயர் சொல்லிவைத்தாற்போல 33 காட்டியது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 30. மற்ற மூன்றும் இம்மி அசையவில்லை. ஆணி ஏதும் குத்தியிருக்கிறதா என்று டயரைச் சுற்றித் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அப்புறம் வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டேன். மெல்ல ஒரு குமிழி வந்து உடைந்தது, பின்னாலேயே இன்னொன்று. மூடி வேறு காணாமல் போயிருந்தது, உள்ளே மண். டயர் கடைக்காரர் ஊசியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. புது ஊசி, புது மூடி போட்டுக் கொடுத்தார். ஒரு வாரம் ஆகிறது, 33-லேயே நிற்கிறது.