போனில் பேசும் ஏஐ, வாட்ஸ்அப் ஏஐ, டோக்கன் நோட்டு: எதற்கு ஒளிக்காமல் அறிவிப்பு எழுத முடியும்?

குடியாத்தம் பக்கம் இருபது படுக்கை கொண்ட ஒரு ஆஸ்பத்திரியில் நிர்வாக வேலை பார்க்கிறேன். ஓ.பி. தொடங்குவது ஒன்பது மணிக்கு. ஆனால் ஆறரைக்கே படிக்கட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும், எல்லாம் முதல் பஸ்ஸில் டோக்கனுக்கு வந்தவர்கள். இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஏஐ மூலம் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒருவருடையது போனை எடுத்துத் தமிழில் பேசும். இன்னொருவருடையது வாட்ஸ்அப்பில் இயங்கும். டெமோவில் இரண்டுமே ஜோராகத்தான் இருந்தன. டெமோவில் சொதப்பிய எதையும் நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த வேலை சின்னது: எது வாங்கினாலும் அதைப் பற்றிச் சுவரில் ஒட்ட ஒரு அறிவிப்பு எழுதித் தர வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். வாங்குவதற்கு முன்பே, ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பை எழுதிப் பார்த்தேன். என்ன விவரம் வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம், அது யார் யார் கைக்குப் போகிறது, எப்போது அழிக்கிறோம், வேண்டாம் என்பவருக்கு என்ன வழி. ஐந்தே கேள்வி. எந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் பேனா நிற்கிறதோ, அங்கேதான் அந்த சிஸ்டத்தின் கோளாறு.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். சம்மதம் கேட்கும்போது என்ன விவரம், எதற்கு என்று எளிமையாகச் சொல்ல வேண்டும், கேட்டால் தமிழிலும் தர வேண்டும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் அவகாசம் தந்திருக்கிறார்கள். "அப்போ இன்னும் நாள் கீதே" என்றார் எங்கள் கணக்குப் பிள்ளை. நாள் இருக்கிறதுதான், ஆனால் மாட்டிய சிஸ்டத்தை அப்புறம் கழற்றுவது பெரிய பாடு.

முதலில் பழைய நோட்டைப் பற்றி. ஏஐ வேண்டாம், நோட்டே பாதுகாப்பு என்று சொல்பவர்கள் எங்கள் கவுன்டரில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். பேர், ஊர், போன் நம்பர், "என்ன பிரச்சினை" என்று நாலு கட்டம். நோட்டு திறந்தபடியே இருக்கும். பின்னால் நிற்பவர் தலைகீழாகவே படித்துவிடுவார். பக்கத்துத் தெருப் பெண் எந்த டாக்டரைப் பார்க்க வந்தாள் என்று மதியத்துக்குள் ஊருக்கே தெரியும். நோட்டுக்கு இருக்கும் ஒரே நல்ல குணம், அது ஒரே இடத்தில் இருக்கிறது என்பதுதான். வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பத்தாயிரம் பேருடைய விவரத்தை அதிலிருந்து நொடியில் எடுத்துப் போக முடியாது.

அடுத்தது போனில் பேசும் ஏஐ. நோயாளிக்கு இதுதான் ரொம்ப வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் போன் பேசத் தெரியும். ஆனால் அறிவிப்பு எழுத உட்கார்ந்ததும் "யார் கைக்குப் போகிறது" என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். விற்க வந்தவரைக் கேட்டால், "எல்லாம் க்ளவுட்ல சேஃப் சார்" என்றார். விடாமல் கேட்டதில் ஒரு சங்கிலி வெளியே வந்தது. அழைப்பைக் கொண்டுவருவது ஒரு கம்பெனி. பேச்சை எழுத்தாக்குவது இன்னொன்று. எழுத்தைப் படித்து என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்யும் மொழி மாடல் மூன்றாமவருடையது. பதிலைக் குரலாக்குவது நான்காவது. இதில் ஒலிப்பதிவு யாரிடம் தங்குகிறது, அதைத் தங்கள் மாடலைப் பழக்க எடுத்துக்கொள்கிறார்களா என்று கேட்டேன். எழுத்தில் பதில் வரவில்லை. நம்மிடம் விவரம் கொடுத்தவருக்கு நாம்தான் பொறுப்பு. நாம் அமர்த்திய கம்பெனி தவறு செய்தாலும் சட்டத்தின் முன் நிற்பது ஆஸ்பத்திரி. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எங்கள் கட்டடத்தையும் நிலத்தையும் விற்றாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது.

காதும் சரியில்லை. ரிசப்ஷன் அக்காவும் நர்சுகளும் நானுமாக இருபது முறை கூப்பிட்டுப் பார்த்தோம். பேரணாம்பட்டில் உருது கலந்து பேசுவார்கள், பரதராமிப் பக்கம் தெலுங்கு கலக்கும். "பத்தரை" என்றதைப் பத்து என்று எழுதிக்கொண்டது. வியாழக்கிழமை கூப்பிட்டு "வர்ற வெள்ளி" என்றால் நாளையா, அடுத்த வாரமா என்று திருப்பிக் கேட்கவில்லை, தானாக ஒன்றை முடிவு செய்தது. இதெல்லாம் திருத்தக்கூடியவை. எங்களை உதற வைத்தது பதினேழாவது அழைப்பு. நர்ஸ் ஒருவர், "காலையில இருந்து மாரு அடைக்கிற மாதிரி கீதும்மா, டாக்டரைப் பார்க்கணும்" என்றார். குரல் இனிமையாக, வியாழன் 11.20க்கு நேரம் ஒதுக்கியது.

"நெஞ்சு வலி" என்று சொன்னபோது மட்டும் டூட்டி நர்சுக்கு மாற்றியது. மாரு அடைப்பு அதன் பட்டியலில் இல்லை. எந்த ஆஸ்பத்திரி இப்படி ஒன்றை வாங்கினாலும், தங்கள் ஊர்க்காரர்கள் மூச்சுத்திணறலுக்கும் வலிப்புக்கும் பனிக்குடம் உடைந்ததற்கும் என்னென்ன சொல் சொல்வார்கள் என்று எழுதி வைத்து, அத்தனையையும் கூப்பிட்டுச் சொல்லிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்றாவது வாட்ஸ்அப். துறை, நாள், நேரம், பேர், வயது என்று ஐந்து பட்டன். தட்டச்சு செய்து கேட்டால் மட்டும் ஏஐ படித்துப் புரிந்துகொண்டு சரியான பட்டனைக் காட்டும். அறிவிப்பு கிட்டத்தட்ட ஒழுங்காக எழுத வந்தது. செய்தி வழியில் பூட்டித்தான் வருகிறது, ஆனால் ஆஸ்பத்திரி அமர்த்திய சேவையிடம் வந்ததும் திறக்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதினேன். "வாட்ஸ்அப்னா யாரும் பார்க்க முடியாதே" என்று ஜனங்கள் நினைப்பதால் இந்த வரி அவசியம். கேட்காமலே ஆதார் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், புண்ணின் போட்டோ என்று அனுப்புவார்கள். அதை இறக்கிச் சேமிக்காமலே, "படம் வேண்டாம், நேரில் காட்டுங்கள்" என்று சொல்லும்படி செய்யச் சொன்னோம். செய்து கொடுத்தார்கள்.

ஆனால் இந்த ஊரில் ஒரு போன் ஒரு ஆளுக்குச் சொந்தமில்லை. எங்கள் நோட்டிலேயே ஒரே நம்பரில் நாலு பேர் இருந்தார்கள்: மாமியார், மகன், மருமகள், பேரன். போன் இருப்பது மகன் கையில். மருமகள் மகளிர் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குகிறாள் என்று வையுங்கள். முந்தின நாள் சாயங்காலம் நினைவூட்டல் வருகிறது: பேர், மகப்பேறு பிரிவு, காலை 10.40. வீட்டில் இன்னும் சொல்லாத செய்தியை ஆஸ்பத்திரியே போய்ச் சொன்ன மாதிரி. மருந்துச் சீட்டு எதுவும் கசியவில்லை, யாரும் எதையும் திருடவில்லை, ஆனாலும் ரகசியம் போயிற்று. நினைவூட்டலில் துறையும் டாக்டர் பேரும் வரக் கூடாது, "நாளை 10.40, டோக்கன் 11" என்று மட்டும் போதும் என்று மாற்றினோம். ஒரு வரி மாற்றம்தான். டெமோவில் யாருக்கும் தோன்றாத வரி.

அதே நாலு பேர் இன்னொரு இடத்திலும் இடித்தார்கள். யார் வராமல் போவார்கள் என்று முன்கூட்டியே ஊகிப்பதுதான் இந்த சிஸ்டத்தின் பெருமை. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 24 இடம். வராமல் போக வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் ஒரே இடத்தில் இருவரைப் போட்டுவிடும். இருவருக்கும் வர, வராமல் இருக்கச் சரிபாதி வாய்ப்பு என்று வைத்தால், நாலு நாளில் ஒரு நாள் இருவருமே வருவார்கள், ஒருவர் பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். இன்னொரு நாள் இருவருமே வராமல் டாக்டர் சும்மா இருப்பார். கணக்கில் லாபம்தான். ஆனால் காத்துக் கிடப்பது யார்? முன்பு தவறவிட்டவர், தூரத்து ஊர்க்காரர். ஒரே டவுன் பஸ்ஸை நம்பி மலையடிவாரத்திலிருந்து வரும் பீடி சுற்றும் பெண் ஒரு முறை பஸ்ஸை விட்டால், அடுத்த முறை சரியாக வந்தாலும் இரட்டை இடத்தில் உட்கார வைக்கப்படுகிறாள். போதாததற்கு இந்த சிஸ்டம் நம்பரைத்தான் ஆளாக எண்ணியது. மாமியார் இரண்டு தடவை வராததற்கு மருமகள் காத்திருந்தாள்.

இதை அறிவிப்பில் எப்படி எழுதுவது? "உங்கள் ஊரையும் உங்கள் வீட்டார் பழக்கத்தையும் வைத்து உங்களைக் காக்க வைப்போம்" என்றா? எழுதக் கூசியது. அந்த வசதியை அணைக்கச் சொன்னோம். வராதவர் இடத்துக்கு நேரில் வந்தவரைக் கூப்பிடுகிறோம், படிக்கட்டில் எப்போதும் ஆள் உண்டு.

கடைசியில் வாங்கியது வாட்ஸ்அப். 24 இடத்தில் எட்டை நோட்டுக்கே ஒதுக்கினோம். எழுத்துத் தெரியாதவர்கள் போன் செய்தால் ரிசப்ஷன் அக்காவே எடுத்துப் பட்டனைத் தட்டிக் கொடுக்கிறார். பேசும் ஏஐ அவரைவிடச் சுறுசுறுப்புதான், ஆனால் மாரு அடைப்பு என்றால் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எத்தனை நாள் வைத்திருப்பது என்பதில் டாக்டருக்கும் எனக்கும் சின்னத் தகராறு. மருத்துவப் பதிவை மூன்று ஆண்டு வைக்க வேண்டுமே என்றார். அந்த விதி உள்நோயாளிகளின் சிகிச்சைப் பதிவுக்கு. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்ற பட்டியலுக்கு இல்லை.

சுவரில் ஒட்டியது இதுதான்:

"அப்பாயின்ட்மென்ட் இனி வாட்ஸ்அப்பிலும் வாங்கலாம். பதில் சொல்வது ஏஐ, மனிதர் அல்ல. பேர், வயது, போன் நம்பர், எந்தத் துறை: இவ்வளவுதான் கேட்போம். நோயைப் பற்றி எழுத வேண்டாம், படம் அனுப்ப வேண்டாம். விவரம் எங்களிடமும் இந்தச் சேவையை நடத்தும் கம்பெனியிடமும் இருக்கும், 90 நாளில் அழிக்கப்படும். உடனே அழிக்க 'நீக்கு' என்று அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம் என்பவர்களுக்குக் கவுன்டரில் தினமும் 8 டோக்கன் உண்டு. அவசரம் என்றால் செய்தி அனுப்பாதீர்கள், நேராக வாருங்கள் அல்லது 108. குறை இருந்தால் நிர்வாக அறையில் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யலாம்."

ஒட்டிய அன்று பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். திரும்பி, "அதெல்லாம் சரி தம்பி, அந்த பழைய நோட்டுங்க எங்க போச்சு?" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே பார்த்தோம். பினாயில் டப்பாவுக்குப் பின்னால் பதினொரு நோட்டு, சணல் கட்டி, பழைய பேப்பர்காரருக்கு எடுத்து வைத்தபடி. அதற்கு முந்தின வருடத்து நோட்டுகள் ஒன்றும் இல்லை.